எண்ணெயைக் குறைத்தார், எஸ்ஜிபிடி குறையவில்லை

இந்த எபிசோட் வழக்கமான பேட்டி இல்லை. எங்க ஆபீஸ்ல ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் நான் பேசினதைக் கொஞ்சம் வெட்டி ஒட்டி இங்கே தந்திருக்கிறோம். நான் டாக்டர் இல்லை, உங்களை மாதிரி நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோட் எழுதுகிற ஆள்தான். அதை மனசுல வைத்துக்கொண்டே கேளுங்க.

ஆபீஸ்ல வருஷாந்திர ஹெல்த் செக்கப் முடிந்ததும் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: ஃபேட்டி லிவர். "எனக்கு கிரேடு ஒண்ணு, உனக்கு?" என்று அப்ரைசல் ரேட்டிங் மாதிரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதில் ஒருத்தர் ரிப்போர்ட்டை மட்டும் இன்றைக்கு முழுசாகப் பார்க்கலாம். அவர் சம்மதம் தந்திருக்கிறார், பேர் மட்டும் சொல்ல வேண்டாம் என்றார்.

வயது 38. உயரம் 172 சென்டிமீட்டர், எடை 76 கிலோ. பார்த்தால் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டாங்க. குடிப்பழக்கம் இல்லை. ஸ்கேன்ல கிரேடு 1 ஃபேட்டி லிவர். ரத்தத்தில் எஸ்ஜிபிடி 64, எஸ்ஜிஓடி 42. ரிப்போர்ட் வந்த அன்றே மனுஷன் பயந்துபோய் மட்டனை நிறுத்தினார், முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துவிட்டார், வீட்டில் தோசைக்கு எண்ணெய் ஊற்றவே விடவில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்ப டெஸ்ட் எடுத்தார். எஸ்ஜிபிடி 61. அவ்வளவுதான்.

அவர் யோசித்தது தப்பில்லை. ஈரலில் கொழுப்பு என்றால் கொழுப்பு சாப்பிடுவதை நிறுத்தணும், நியாயம்தானே? ஆனால் ஈரல் அப்படி வேலை செய்வதில்லை. 2005ல் அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் உள்ளவர்களை வைத்து, அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று டிரேஸ் செய்து பார்த்தார்கள். நாம் லாக் பார்த்து ரிக்வெஸ்ட் எங்கிருந்து வந்தது என்று தேடுவோமே, அதே மாதிரிதான். ஈரல் கொழுப்பில் சுமார் 60 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பு திசுக்களிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. கால்வாசி, ஈரல் தானே சர்க்கரையிலிருந்து புதுசாகத் தயாரித்தது. நேரடியாகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். நம்ம ஆள் அந்தப் பதினைந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சரி, அவர் என்ன குடிக்கிறார் என்று கேட்டேன். "டீதான் பாஸ், வேற என்ன" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் கணக்கை எழுதினோம். பேன்ட்ரி டீ மூன்று, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. மொத்தம் 30 கிராம். மதியம் பிரியாணியோ மீல்ஸோ முடித்துவிட்டுக் கீழே கடையில் ஸ்வீட் லைம் சோடா, அதில் ஒரு 15 கிராம். சாயங்காலம் பில்டு ஓடுகிற நேரத்தில் ஒரு 300 மில்லி கோலா. கோலாவில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை இருக்கும், பாட்டில் பின்னாடி எழுதியே இருக்கு. அது ஒரு 32 கிராம். கூட்டினால் 77 கிராம். பதினைந்து ஸ்பூனுக்கு மேல. ஸ்வீட் பக்கமே போவதில்லை என்று சொல்கிற ஆளுக்கு! உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று சொல்கிறது.

இந்தச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை மூளை, தசை என்று உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் ஈரலுக்குத்தான் போகும். குளுக்கோஸை உடைக்கும்போது, "போதும், இப்போ எனர்ஜி இருக்கு" என்று நிறுத்துகிற ஒரு கட்டுப்பாடு நடுவில் உண்டு. ஃப்ரக்டோஸ் அந்த இடத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடும். ரேட் லிமிட் போடாத ஏபிஐ மாதிரி வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். மிச்சமானதை ஈரல் கொழுப்பாக மாற்றும். முழு ஆரஞ்சுப் பழம் சாப்பிட்டால் நாரோடு மெதுவாக, கொஞ்சமாக வரும். நாலு பழத்தைப் பிழிந்து, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றி, ரெண்டு நிமிஷத்தில் குடித்தால் ஈரலுக்கு மூச்சு விட நேரமில்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அம்மாக்கள் கோபித்துக்கொண்டாலும் ஈரலுக்கு அது வித்தியாசம் தெரியாது.

"எல்லாம் கலோரிதானே, எதில் வந்தால் என்ன" என்று ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. டென்மார்க்கில் இதையே சோதித்து 2012ல் வெளியிட்டார்கள். எடை கூடிய 47 பேர், ஆறு மாதம், தினமும் ஒரு லிட்டர். ஒரு குழுவுக்குக் கோலா, ஒன்றுக்கு அதே அளவு கலோரி உள்ள பால், ஒன்றுக்கு டயட் கோலா, ஒன்றுக்குத் தண்ணீர். மொத்த உடல் கொழுப்பில் குழுக்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஈரல் கொழுப்பு மற்ற மூன்று குழுக்களோடு ஒப்பிட்டால் கோலா குழுவுக்குத் தெளிவாக ஏறியிருந்தது. அதே கலோரி பாலில் அது நடக்கவில்லை.

திரும்பிப் போவதும் சீக்கிரம் நடக்கும். 2019ல் அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் உள்ள 40 பையன்களை எடுத்துக்கொண்டார்கள், 11 வயதிலிருந்து 16 வரை. பாதிப் பேருக்கு எட்டு வாரம் சர்க்கரை சேர்த்த உணவும் ஜூஸும் கிட்டத்தட்ட இல்லை. அவர்களின் ஈரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. வழக்கம்போலச் சாப்பிட்டவர்களுக்கு 21லிருந்து 20. சின்ன ஆய்வுதான், வளர்கிற பையன்கள்தான், 17ம் நார்மல் இல்லை. இருந்தாலும் எட்டு வாரத்துக்கு இது கவனிக்க வேண்டிய மாற்றம்.

இப்போ மிச்ச 60 சதவீதத்துக்கு வருவோம். அதுதான் தொப்பை. சாப்பிட்ட குளுக்கோஸை அதிகம் இழுத்துக்கொள்வது தசை. நாம் ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் தசை அதை இழுப்பது குறைகிறது, இன்சுலின் கூடிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் கொழுப்பு திசுக்கள் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. அடக்கி வைத்திருக்க வேண்டிய கொழுப்பை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அது ஈரலில் போய் உட்காரும்.

அதனால் எடையைவிட இடுப்பளவைப் பாருங்க. நம்மவர், "எனக்கு 34 பேன்ட், அப்போ 86 சென்டிமீட்டர்தானே" என்றார். பேன்ட் சைஸ் கணக்கே ஆகாது, ஏன்னா பேன்ட்டை நாம் தொப்பைக்குக் கீழே போடுகிறோம். தையல் டேப் எடுங்க. சட்டையைத் தூக்கி, கடைசி விலா எலும்பையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளக்கணும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, யாரும் போட்டோ எடுக்கப் போவதில்லை. அவருக்கு வந்தது 97. நம் ஊர்க்காரர்களுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் எல்லை. வெள்ளைக்காரர்களுக்கான எல்லையை வைத்துப் பார்த்தால் நாம் "நார்மல்" மாதிரி தெரிவோம், ஏமாந்துவிடாதீங்க.

அடுத்தது அந்த கிரேடு. ஸ்கேன்ல கிரேடு 1, 2, 3 என்பது திரையில் ஈரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதை வைத்துச் சொல்வது. கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் சாதா ஸ்கேன்ல தெரியாமலே போகலாம். அதைவிட முக்கியம், ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை கிரேடு சொல்லாது. கடைசியில் சிரோசிஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவது அந்தத் தழும்புதான். எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தும் ஃபேட்டி லிவர் இருக்கலாம். அதனால் டாக்டர்கள் முதலில் ஃபிப்-4 என்று ஒரு கணக்கு போடுகிறார்கள். இதற்குத் தனி டெஸ்ட் வேண்டாம், கையில் இருக்கிற ரிப்போர்ட் போதும்.

```
FIB-4 = (Age × SGOT) / (Platelets × √SGPT)
```

அவருடையதைப் போட்டுப் பார்ப்போம். மேலே 38 பெருக்கல் 42, அது 1596. பிளேட்லெட் ரிப்போர்ட்டில் 2.4 லட்சம். இங்கேதான் நிறைய பேர் மாட்டுவாங்க. 2.4 என்று போடக் கூடாது, ஆயிரத்தில் சொல்லணும், அதாவது 240. எஸ்ஜிபிடி 64க்கு வர்க்கமூலம் 8. கீழே 240 பெருக்கல் 8, 1920. வகுத்தால் 0.83. 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேலே போனால் தள்ளிப்போடாமல் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகணும். நடுவில் வந்தால் ஈரலின் விறைப்பை அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வாங்க.

அவர் என்ன செய்தார்? கோலாவையும் லைம் சோடாவையும் நிறுத்தினார், சோடா வேண்டும் என்றால் உப்பு போட்டது. டீயில் மெஷினின் சர்க்கரை கலந்த பிரிமிக்ஸ் பட்டனைத் தொடவில்லை, டிப் டீ, அரை ஸ்பூன். முட்டை முழுசாகத் திரும்ப வந்தது. மதியமும் ராத்திரியும் சாப்பிட்டதும் 15 நிமிஷம் நடை. நாலு மாதத்தில் எடை 71.5, இடுப்பு 91, எஸ்ஜிபிடி 38. எடையில் 6 சதவீதம் குறைந்திருக்கு. 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கும். வீக்கம் அடங்க 7லிருந்து 10 வரை தேவைப்படும், தழும்பு குறைய 10. அவர் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறார். இதில் சர்க்கரை எவ்வளவு, நடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, ரெண்டையும் ஒரே ஸ்பிரின்ட்டில் தள்ளிவிட்டார்.

ஒன்று மட்டும் அவரைத் தடுத்தோம். ஆன்லைனில் "லிவர் டீடாக்ஸ்" என்று கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை ஆர்டர் போட இருந்தார். அந்த எக்ஸ்ட்ராக்ட் சிலருக்கு ஈரலையே பாதித்திருக்கிறது. கப்பில் குடிக்கிற கிரீன் டீ வேறு, மாத்திரை வேறு.

கடைசியில் வந்த கேள்விகளில் ரெண்டு. "வீக்கெண்டில் மட்டும் குடித்தால் பரவாயில்லையா?" ஏற்கெனவே கொழுப்பு இருக்கிற ஈரலுக்கு ஆல்கஹால் இன்னொரு அடி, அதில் மிக்ஸிங்குக்குக் கோலா ஊற்றினால் ரெண்டும் சேர்ந்து வரும். டாக்டரிடம் அளவை மறைக்காமல் சொல்லுங்க, ஏன்னா நோயின் பேரே அதை வைத்துத்தான் மாறும்.

இன்னொன்று எங்க டீம் ஃப்ரெஷர் கேட்டது: "எனக்கு 24, ஃபிப்-4 0.4 வருது, நான் சேஃபா?" அந்தக் கணக்கில் வயது மேலே பெருக்கலில் இருக்கு பாருங்க, அதனால் சின்ன வயசுக்காரர்களுக்கு எண் தானாகவே குறைவாக வரும். 35க்குக் கீழே அதை நம்ப முடியாது. உங்களுக்கு எஸ்ஜிபிடி ரெண்டு மூன்று தடவை தொடர்ந்து அதிகமாக வந்தால் ஃபிப்-4 போட்டுத் திருப்திப்படாமல் நேராக டாக்டரைப் பாருங்க. மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுவார், அது வேறு காரணம் ஏதும் இல்லை என்று பார்ப்பதற்கு. டேப் என் டெஸ்க்கிலேயே இருக்கு, வேணுங்கிறவங்க எடுத்துக்கோங்க.