பிழைப்பா, உத்தியோகமா, வாழ்நாள் பணியா?

(கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

சம்பளம் வீட்டுக்கு வந்தால் போதும் என்றால் அது பிழைப்பு. அடுத்த பதவியை நோக்கி ஏறுவது உத்தியோகம். பதவி உயராவிட்டாலும் விட மனம் வராதது வாழ்நாள் பணி. இதில் எதுவும் மட்டமில்லை. தொழிலின் பெயரை வைத்தும் இதைச் சொல்ல முடியாது. 1997-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அலுவலக உதவியாளர்கள் 24 பேர் தங்கள் ஒரே வேலையை இந்த மூன்று விதமாகவும் பார்த்தார்கள், ஏறக்குறைய சம பங்காக!

வித்தியாசம் தெரிந்தால் போடும் கணக்கு மாறுகிறது. பிழைப்புக்குச் சம்பளம், நேரம், தூரம் பார்த்தால் போதும். உத்தியோகத்துக்கு அடுத்த படிக்கு என்ன பரீட்சை, எத்தனை வருடம் என்று பார்க்க வேண்டும். வாழ்நாள் பணிக்குக் கேட்க வேண்டியது வேறு: குடும்பம் குறைந்தபட்சம் எவ்வளவில் ஓடும்?

நம்மிடம் வந்த ஒரு தம்பியைச் சொல்கிறோம். கடையில் கணக்கு எழுதி 18,000 ரூபாய் வாங்குகிறார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசை. ஆசைதானா, அதற்கு மேலா என்று பார்க்க, ஆறு மாதம் விடுமுறை நாட்களில் அப்படிப்பட்ட பள்ளிக்குப் போய் உதவச் சொன்னோம். பிள்ளைகளோடு விளையாடுவது எல்லோருக்கும் பிடிக்கும். ஒரே சொல்லை நாற்பது தடவை சொல்லிக்கொடுத்த பிறகும் மறுவாரம் போகத் தோன்றுகிறதா என்பதுதான் சோதனை. அவர் போனார்.

அதன் பிறகுதான் கணக்கு. சிறப்புக் கல்வியில் பி.எட். இரண்டு வருடம், அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும், முடித்ததும் அங்கே பதிவும் செய்ய வேண்டும். வீட்டுச் செலவு மாதம் 16,000. உம்மாவின் தையலில் 5,000, மாலையில் இரண்டு கடைகளின் கணக்கு எழுதினால் 6,000. மாதம் 5,000 துண்டு விழும். 24 மாதத்துக்கு 1,20,000. இப்போது அவரால் மாதம் 7,000 மிச்சம் பிடிக்க முடிகிறது. ஆகவே பதினெட்டு மாதம் கழித்துச் சேர்வது என்று முடிவானது. கட்டணத்துக்கு நமது வட்டியில்லாக் கடன். அதுவரை தவணையில் பைக் வேண்டாம் என்றோம். முகம் சுருங்கியது, தவணை கழுத்தில் இருந்தால் சம்பளம் குறைந்த இடத்துக்குப் போகவே முடியாதே!

இன்னொன்று. ஈடுபாடு உள்ளவர்களிடம் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது சுலபம். மிருகக்காட்சிசாலை ஊழியர்களை ஆராய்ந்தவர்கள் 2009-இல் இதைத்தான் எழுதினார்கள். அதனால் இத்தனைக்குக் கீழே சேர்வதில்லை என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தையல் வருமானம் போக வீட்டுக்கு 11,000 வேண்டும்; உம்மாவின் கண் எத்தனை நாள் தாங்குமோ என்று 13,000 என எழுதியிருக்கிறார். அந்தத் தாள் உம்மாவிடம் இருக்கிறது.