நாடா ஓடும் திசையில் ஒரு ரயில்

ஒரு காட்சி ஓரிடத்தில் முடிந்து அடுத்தது வேறோர் இடத்தில் தொடங்கும்போது, பார்ப்பவரின் மனம் சற்றுத் தடுமாறி, இது எந்த இடம், எந்த நேரம் என்று தேடுவது இயல்பு. முதல் காட்சியின் கடைசிப் படத்தில் கண் பற்றியிருந்த ஒரு வடிவத்தையோ அசைவையோ இரண்டாம் காட்சியின் முதல் படத்தில், திரையின் ஏறக்குறைய அதே பகுதியில் மீண்டும் வைத்து, அந்தத் தடுமாற்றத்தையே ஒரு வியப்பாக மாற்றும் உத்திக்குத் திரைத்துறையில் ‘மேட்ச் கட்’ என்று பெயர். இங்கே ‘கட்’ என்பது, ஒரு படம் முடிந்த இடத்திலேயே இடைவெளி எதுவுமின்றி அடுத்த படம் தொடங்குவதைக் குறிக்கும். ஒரு படம் மெல்லக் கரையக் கரைய அதன் மேலேயே இன்னொன்று தெளிந்து வருவது ‘டிசால்வ்’ எனப்படும். இவை இரண்டும் படத்தொகுப்பு மேசையில் பிறப்பவை என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், இடங்களை இணைக்கும் நல்ல மேட்ச் கட்டுகளுக்கான ஏற்பாடு பெரும்பாலும் எழுத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

இதற்குச் சான்றாக, ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி, எர்னஸ்ட் லேமன் திரைக்கதை எழுதி, 1959ஆம் ஆண்டு வெளிவந்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தின் முடிவை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் நால்வரின் முகங்கள் செதுக்கப்பட்ட ரஷ்மோர் மலையின் விளிம்பில், நாயகி ஈவ் ஒற்றைக் கையைப் பற்றித் தொங்கிக்கொண்டிருக்க, நாயகன் தார்ன்ஹில் ஒரு கையால் பாறையையும் மறு கையால் அவளையும் பிடித்துக்கொண்டிருக்கிறான். பாறையைப் பற்றிய அவனது விரல்களை மிதித்து நசுக்கிய எதிரி சுடப்பட்டு வீழ்ந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. அவளை மேலே இழுத்தாக வேண்டும். அவன் இழுக்கிறான், அவள் முடியவில்லை என்கிறாள், அவன் விடாமல் இழுக்கிறான், அந்த இழுப்பு முடிவதற்குள் படம் மாறி, அதே கை அதே பெண்ணை, ஓடும் ரயிலின் மேல் படுக்கைக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அவளைத் தன் குடும்பப் பெயரால், திருமதி தார்ன்ஹில் என்று அவன் அழைப்பதைக் கேட்டவுடன், இடையில் ஒரு திருமணமே நடந்து முடிந்துவிட்டது என்று பார்ப்பவர் புரிந்துகொள்கிறார்.

அந்த ஒரே வெட்டு விழுங்கியவற்றை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மலையிலிருந்து இருவரும் எப்படி மீண்டார்கள், பிடிபட்டவர்கள் என்ன ஆனார்கள், காவல் விசாரணை எப்படி முடிந்தது, இவர்கள் எப்போது மணம் முடித்தார்கள் என்று நான்கைந்து காட்சிகளுக்கு உரிய செய்திகள் அங்கே காணாமல் போகின்றன. ஆனாலும் யாரும் அவற்றைத் தேடுவதில்லை. தொடங்கிய இழுப்பு முடிந்துவிட்டதால், கண்ணுக்கு எதுவும் விடுபட்டதாகத் தோன்றவில்லை. உடல் அசைவு ஒன்றாக இருக்க, அதைச் சூழ்ந்த பொருள் மட்டும் மரணத்திலிருந்து மணவாழ்வுக்கு மாறிவிடுகிறது. ஒத்திருப்பது அசைவு, சொல்ல வந்த செய்தியோ ஒவ்வாத பகுதியில்தான் இருக்கிறது. வடிவப் பொருத்தத்தை மட்டும் தேடி அலையும் தொடக்க எழுத்தாளர்கள் மறந்துவிடுவது இதைத்தான்: ஒரு வட்டத்துக்கு இன்னொரு வட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது, அந்த இரண்டு வட்டங்களுக்கும் நடுவே கதையில் என்ன மாறியது என்று கேட்டால் பல நேரங்களில் விடை இருக்காது.

இன்னொரு நுட்பமும் அதே முடிவில் உண்டு. ரயிலின் மேல் படுக்கை அங்கே திடீரென முளைத்ததன்று. படத்தின் முற்பகுதியில், காவலர்கள் தேடி வரும்போது ஈவ் தன் ரயில் அறையில் தார்ன்ஹில்லை மறைத்து வைத்தது, சுவரோடு மடித்து மூடிய அத்தகைய மேல் படுக்கைக்குள்தான். ஆகவே இறுதியில் அந்தப் படுக்கை தெரிந்தவுடன், விளக்கம் எதுவும் இல்லாமலே இடம் அடையாளம் தெரிந்துவிடுகிறது. முன்பே அறிமுகமாகாத இடத்துக்கு இத்தனை வேகமாகத் தாவியிருந்தால், வியப்பை விடக் குழப்பமே மிஞ்சியிருக்கும்.

இனி, இதைத் தாளில் எப்படி எழுதுவது என்பதைப் பார்க்கலாம். திரைக்கதைத் தாளின் வலது ஓரத்தில் ‘மேட்ச் கட் டு’ என்று எழுதுவது வழக்கம். ஆனால் அந்தக் குறிப்பு ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே, உண்மையான வேலையைச் செய்பவை அதற்கு முன்னால் நிற்கும் வாக்கியமும் பின்னால் வரும் வாக்கியமுமே. அந்தாதியில் ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் முதலாக அமைவது போல, முதல் காட்சியின் கடைசி வாக்கியம் எந்தப் படத்தில் நிற்கிறதோ அந்தப் படத்தில்தான் அடுத்த காட்சியின் முதல் வாக்கியம் தொடங்க வேண்டும்.

காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரின் மகள் தறியை விட்டுச் சென்னையில் வேலைக்குச் சேர்கிறாள் என்று ஒரு கதையை வைத்துக்கொள்வோம். பாவு நூல்களுக்கு நடுவே ஊடை நூலைச் சுமந்தபடி குறுக்கே ஓடும் நாடாவையும், தாம்பரம்–கடற்கரைத் தடத்து மின்ரயிலையும் எழுத்தாளர் இணைக்க விரும்புகிறார். முதல் வரைவில் அவர் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “அப்பா நெய்கிறார். மகளை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். மேட்ச் கட். மகள் ரயிலில் போகிறாள்.” இதில் நாடாவே இல்லை; கடைசியாகக் கண்ணில் நிற்பது பெருமூச்சு விடும் முகம் என்பதால், ஒளிப்பதிவாளர் முகத்தைத்தான் எடுப்பார், முகத்துக்கும் ரயிலுக்கும் எந்தப் பொருத்தமும் கிடைக்காது.

அதே இடம் திருத்தி எழுதப்பட்டால் இவ்வாறு அமையலாம்: “அப்பா கயிற்றைச் சுண்டுகிறார். சிவப்புப் பாவின் மேல், நாடா இடமிருந்து வலமாகப் பாய்கிறது; பாதி வழியில்…” என்று வாக்கியம் முடியாமலே நிற்க, குறிப்பும் அடுத்த காட்சியின் தலைப்பும் வந்தபின், “…மின்ரயில் இடமிருந்து வலமாகத் திரையைக் கிழித்துப் பாய்கிறது. ஒரு பெட்டியின் வாசலில், கூட்டத்துக்கு நடுவே, மகள்” என்று தொடர்கிறது. முன்பிருந்த பெருமூச்சு காட்சியின் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டது, அல்லது தேவையில்லாமல் போய்விட்டது. எது பொருந்துகிறது, எந்தப் பக்கம் போகிறது, அசைவின் எந்தக் கட்டத்தில் வெட்டு விழுகிறது என்ற மூன்றும் தாளில் இருக்கின்றன. கேமராவை எங்கே வைப்பது, எந்த லென்ஸைப் போடுவது என்பவற்றை எழுத்தாளர் தொடவில்லை. அவை இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் உரியவை.

இந்த மூன்றில் அடிக்கடி பிழையாவது திசையே. நாடா வலப்பக்கம் ஓடியபின் ரயில் இடப்பக்கம் ஓடினால், பொருட்கள் எவ்வளவு ஒத்திருந்தாலும் கண்ணுக்கு அவை ஒன்றோடொன்று மோதுவதாகவோ, போனது திரும்பி வருவதாகவோ தோன்றும். இந்தக் குறையையே பயனுள்ளதாக மாற்றவும் வழி உண்டு: படத்தின் முடிவில் மகள் ஊர் திரும்பும்போது, ரயிலும் அதன்பின் நாடாவும் வலமிருந்து இடமாக ஓடுமாறு எழுதினால், ‘திரும்பிவிட்டாள்’ என்று எந்தப் பாத்திரமும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சிக்கல் வேகம். சேலைத் தறியின் குறுக்கே ஏறத்தாழ 4 அடி தூரத்தை நாடா கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். நிலையத்திலிருந்து அப்போதுதான் கிளம்பும் ரயிலோ ஊர்ந்துதான் செல்லும். ஆகவே எழுத்தாளர் கிளம்பும் ரயிலைக் கைவிட்டு, நிலையத்தில் நிற்காமல் நடைமேடையை ஒட்டி விரையும் ரயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொருத்தம் பார்க்க வேண்டியது பொருட்களின் உண்மையான வேகத்தை அன்று, திரையில் அவை கடக்கும் வேகத்தை.

எழுதியது பொருந்துகிறதா என்று அறிய, காட்சித் தலைப்பை விட்டுவிட்டு அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் மனத்தில் தோன்றியதைக் கேட்டாலே போதும். ‘ஏதோ ஒன்று குறுக்கே ஓடியது’ என்ற சொல் அவரிடமிருந்து வந்தால் வெட்டு பொருந்திவிட்டது. ‘அப்பா வருத்தப்படுகிறார்’ என்று மட்டும் அவர் சொன்னால் இன்னொரு வரைவு தேவை.

படப்பிடிப்பில் இவ்விரண்டு காட்சிகளும் அடுத்தடுத்து எடுக்கப்படுவது அரிது. தறிக் காட்சி ஒரு மாதத்திலும் ரயில் காட்சி வேறொரு மாதத்திலும், சில வேளைகளில் முன்பின்னாகவும் எடுக்கப்படும். எழுத்தில் இணைப்பு தெளிவாக இருந்தால்தான் உதவி இயக்குநர் அதைத் தம் காட்சிப் பட்டியலில் குறித்துவைத்து, முதலில் எடுத்த படத்தில் நாடா திரையின் எந்த உயரத்தில் ஓடியது என்பதை இரண்டாம் படப்பிடிப்புக்குக் கொண்டுபோவார். குறிப்பில்லாமல் போனால், இரண்டும் தனித்தனியே அழகாக எடுக்கப்பட்டு, தொகுப்பு மேசையில் சேர மறுக்கும்.

எழுத்துக்கும் எல்லை உண்டு என்பதை டேவிட் லீன் இயக்கிய ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) காட்டுகிறது. கெய்ரோ அலுவலகத்தில் லாரன்ஸ் தீக்குச்சியை ஊதி அணைத்தவுடன், பாலைவன அடிவானத்தில் சூரியன் எழும் அந்தப் புகழ்பெற்ற மாற்றம், திரைக்கதையில் டிசால்வாகவே எழுதப்பட்டிருந்தது. தொகுப்பின்போது இரண்டு படங்களும் நேராக ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்த லீனும் தொகுப்பாளர் ஆன் வி. கோட்ஸும் அதன் வலிமையை உணர்ந்து டிசால்வைக் கைவிட்டனர்; கோட்ஸ் அதிலிருந்து ஓரிரு சட்டங்களை மட்டும் நீக்கிச் சீராக்கினார். சட்டம் என்பது ஒரு நொடிக்கு 24 என்ற கணக்கில் ஓடும் ஒற்றைப் படம். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வுக்காகக் கோட்ஸ் ஆஸ்கர் விருதும் பெற்றார். ஆயினும் தீச்சுடரையும் சூரியனையும் அருகருகே வைத்தது எழுத்தே. எந்த முறையில் சேர்ப்பது என்பதைத்தான் மேசை முடிவு செய்தது.

ஒலியாலும் இதைச் செய்யலாம் என்பது வானொலி நேயர்களுக்குப் புதிதாக இராது. ஹிட்ச்காக்கின் ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ (1935) படத்தில், பிணத்தைக் கண்ட பணிப்பெண் அலற வாய் திறக்க, கேட்பதோ சுரங்கப்பாதையிலிருந்து வெளிவரும் ரயிலின் ஊதல். நாடாவின் ‘டக்’ ஒலியைத் தண்டவாளத்தின் ‘டக்’ ஒலியோடு சேர்த்தால், காஞ்சிபுரத்தையும் சென்னையையும் படமே இல்லாமல் ஒரு வானொலி நாடகத்தில் இணைத்துவிட முடியும். நேரம் குறுகியதால் அதை வேறோர் உரைக்கு ஒதுக்க வேண்டியிருக்கிறது. திரைக்கதை எழுதும் நேயர்கள் கையில் இருக்கும் வரைவில் இடம் மாறும் ஓரிடத்தையாவது எடுத்து, அதன் இரு பக்கத்து வாக்கியங்களையும் இன்று உரக்கப் படித்துப் பார்ப்பார்கள் என்றும், ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தை மறுமுறை பார்ப்பவர்கள் முற்பகுதியில் வரும் அந்த மேல் படுக்கையைத் தவறவிட மாட்டார்கள் என்றும் நம்பலாம்.