வேர் கடைசியில் வரும் வரிசை: கணக்குக் கோவையும் நான்கு அறைகளும்

1972 ஆம் ஆண்டில் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் வெளியிட்ட எச்பி-35 என்னும் கைக்கணிப்பானில் சமக்குறிப் பொத்தானும் இல்லை, அடைப்புக்குறிப் பொத்தான்களும் இல்லை. சைன், மடக்கை போன்ற சார்புகளைக் கணிக்க வல்ல அக்கருவி, எண்களை முதலில் கேட்டு, அவற்றின் மீது செய்ய வேண்டிய செயலைப் பின்னரே கேட்டது. இந்த வரிசை எங்கிருந்து வந்தது, அதற்கு எல்லை எங்கே, அந்த எல்லையை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பவற்றை ஆராய்வதற்கு ஒரு கோவையை மரமாக வரைந்து பார்ப்பதே நேரான வழி.

(8 − 3) × (6 + 4 ÷ 2) என்னும் கோவையை எடுத்துக்கொள்ளலாம். தாளில் இதைக் காணும் மனிதர் அடைப்புக்குறிகளையும், கூட்டலுக்கு முன் வகுத்தலைச் செய்ய வேண்டும் என்னும் முன்னுரிமை விதியையும் மனத்தில் கொண்டு, எங்கே தொடங்குவது என்பதைக் கண்ணாலேயே முடிவு செய்கிறார். அதே கோவையை இரும மரமாக, அதாவது ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு கிளைகளுக்கு மேல் இல்லாத பைனரி ட்ரீயாக வரைந்தால், பெருக்கற்குறி உச்சியில் வேராக அமைகிறது. அதன் இடக்கிளையில் கழித்தற்குறியும் அதற்குக் கீழே 8, 3 என்னும் இலைகளும் இருக்கும். வலக்கிளையில் கூட்டற்குறி இருக்கும். அதன் இடப்பக்கம் 6 என்னும் இலையும், வலப்பக்கம் வகுத்தற்குறியும், அதற்குக் கீழே 4, 2 என்னும் இலைகளும் தொங்கும். எண்கள் எல்லாம் இலைகளாகவும் செயற்குறிகள் எல்லாம் உட்கணுக்களாகவும் பிரிந்துவிட்டதால், இம்மரத்தில் அடைப்புக்குறிக்கு வேலையே இல்லை. எது எதற்குள் அடங்கியது என்பதை மரத்தின் வடிவமே காட்டிவிடுகிறது.

அடைப்புக்குறி இல்லாமல் கோவையை எழுதலாம் என்பதைத் தர்க்கவியலில் முதலில் நிலைநாட்டியவர் போலந்து நாட்டு அறிஞர் யான் உகாசியேவிச். 1924 ஆம் ஆண்டில் அவருக்குத் தோன்றிய அம்முறையில் செயற்குறி முன்னால் வரும், அது செயற்படும் உறுப்புகள் அதைத் தொடர்ந்து வரும். அவருடைய நாட்டின் பெயராலேயே அது போலிஷ் குறியீடு என்று அழைக்கப்பட்டது. தர்க்க வாய்பாடுகளைச் சுருக்கமாக எழுதுவதே அவருடைய நோக்கமாக இருந்தது. கணிக்கும் இயந்திரம் எதுவும் அப்போது அவர் முன் இல்லை.

அந்த வரிசையைத் திருப்பிப் போட்டவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மெய்யியல் கற்பித்துவந்த சார்லஸ் ஹாம்ப்ளின் ஆவார். கையில் இரண்டு எண்களும் வந்து சேராமல் இயந்திரத்தால் கூட்டவோ பெருக்கவோ இயலாது. ஆகவே கூட்டு என்னும் கட்டளை முன்னரே வந்துவிட்டால், எண்கள் வரும் வரை அக்கட்டளையை எங்கோ காத்திருக்க வைக்க வேண்டும். எண்கள் முதலில் வந்து, செயற்குறி கடைசியில் வந்தால், வந்த கணத்திலேயே அதை நிறைவேற்றிவிடலாம். 1957 இல் ஹாம்ப்ளின் இக்கருத்தை ஒரு கணினித் திட்டமாகவே முன்வைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் பிரீட்ரிக் பாவரும் கிளாவ்ஸ் சாமெல்சனும், கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் சேமிப்பு முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். இன்று அடுக்கு என்று வழங்கும் அந்த ஸ்டாக்கை அவர்கள் நிலவறை என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லால் அழைத்தனர்.

ஹாம்ப்ளினின் வரிசையை மரத்திலிருந்து பெறும் முறைக்குப் பின்வரிசை வலம், அதாவது போஸ்ட்ஆர்டர் என்று பெயர். ஒரு கணுவுக்கு வந்தால் முதலில் அதன் இடக்கிளை முழுவதையும் முடிக்க வேண்டும், பின்பு வலக்கிளை முழுவதையும் முடிக்க வேண்டும், அதன் பிறகே அக்கணுவைத் தொட வேண்டும். இவ்விதியைக் கிளைகளுக்குள்ளும் அப்படியே கடைப்பிடித்தால் மேற்கண்ட மரம் இவ்வாறு வரிசைப்படுகிறது:

```
8 3 − 6 4 2 ÷ + ×
```

பழைய நூல்களைப் படிப்பவர் இந்தப் பெயரில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டொனால்ட் கனூத் 1968 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நிரலாக்க நூலின் முதற்பதிப்பில் இவ்வலத்தை எண்ட்ஆர்டர் என்றும், இன்று இன்ஆர்டர் எனப்படும் வேறொரு வலத்தைப் போஸ்ட்ஆர்டர் என்றும் குறித்தார். இப்போதைய பெயர்கள் பின்வந்த பதிப்பிலேயே இடம்பெற்றன.

இவ்வரிசையை அடுக்கின் துணையோடு கணிக்கும்போது, எண் வந்தால் அடுக்கின் மேலே வைக்க வேண்டும். செயற்குறி வந்தால் மேலிருக்கும் இரண்டு எண்களை எடுத்துச் செயலை முடித்து விடையை மீண்டும் மேலே வைக்க வேண்டும். 8, 3 என்பவை ஏறியபின் கழித்தற்குறி வர, அடுக்கில் 5 மட்டும் நிற்கிறது. அதன்மேல் 6, 4, 2 ஆகியவை ஏறி, அடுக்கு 5, 6, 4, 2 என நான்கு எண் உயரத்தை அடைகிறது. வகுத்தல் அதை 5, 6, 2 ஆக்குகிறது. கூட்டல் 5, 8 ஆக்குகிறது. வேராகிய பெருக்கல் கடைசியில் வந்து 40 என்னும் விடையைத் தருகிறது.

நிரலில் எழுதும்போது அடுக்கைத் தனியாக அமைக்க வேண்டியதும் இல்லை. ஒரு சார்பு தன்னையே அழைக்கும்போது மொழி தானாகப் பேணும் அழைப்பு அடுக்கே அவ்வேலையைச் செய்துவிடுகிறது:

```python
def evaluate(n):
    if n.left is None:
        return n.value
    a = evaluate(n.left)
    b = evaluate(n.right)
    return apply(n.value, a, b)
```

அடுக்கைத் தாமே எழுதுவோர் மிகுதியும் செய்யும் பிழை ஒன்று உண்டு. அடுக்கிலிருந்து முதலில் வெளிவருவது வலக்கிளையின் மதிப்பு, இரண்டாவதாக வருவதே இடக்கிளையின் மதிப்பு என்பதை மறந்து, வந்த வரிசையிலேயே செயற்படுத்திவிட்டால் 8 − 3 என்பது 3 − 8 ஆகிவிடும், 4 ÷ 2 என்பது 2 ÷ 4 ஆகிவிடும், விடை 40 என்பதற்குப் பதிலாக −32.5 என்று வரும். கூட்டலும் பெருக்கலும் மட்டுமே உள்ள கோவைகளில் இப்பிழை வெளியே தெரியாது; எனவே கழித்தலோ வகுத்தலோ இல்லாத சோதனை எதுவும் இந்நிரலுக்குச் சோதனையாகாது.

எச்பி-35 கருவிக்குத் திரும்பினால், அதன் அடுக்கில் இருந்தவை நான்கே அறைகள்; மேலே கண்ட கோவை அந்நான்கையும் சரியாக நிரப்பியது. ஐந்தாவது எண் ஏறினால் என்ன நிகழும் என்பதை 1 + (2 + (3 + (4 + 5))) என்னும் எளிய கோவை காட்டுகிறது. இதன் மரம் முழுவதும் வலப்பக்கமாகவே சாய்ந்திருப்பதால், இடக்கிளையை முதலில் முடிக்கும் வழக்கமான பின்வரிசை 1 2 3 4 5 + + + + என்று அமைந்து, எந்தக் கூட்டலும் தொடங்கும் முன்பே ஐந்து எண்களையும் அடுக்கில் ஏற்றிவிடுகிறது. 5 நுழையும்போது அடியில் இருந்த 1 வெளியே தள்ளப்பட்டு மறைந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு கூட்டலிலும் அடுக்கு ஓர் அறை இறங்க, அடியறையில் இருக்கும் எண் அங்கேயும் தங்கி அடுத்த அறைக்கும் படியாகிறது என்பதால், 2 என்னும் எண்ணே திரும்பத் திரும்ப வருகிறது. 5 உடன் 4 சேர்ந்து 9, அதனுடன் 3 சேர்ந்து 12, பின்பு 2 சேர்ந்து 14, கடைசியில் 1 சேர வேண்டிய இடத்தில் மறுபடியும் 2 சேர்ந்து 16. சரியான விடை 15. கருவி எந்தப் பிழையையும் அறிவிப்பதில்லை. திரையில் 16 என்று தெளிவாக நிற்கும். பிழைகளுள் இதுவே மிகக் கொடியது, ஏனெனில் நம்பத்தக்க தோற்றத்துடன் வருகிறது.

இதே கோவையை ஆழமான கிளையிலிருந்து தொடங்கி 4 5 + 3 + 2 + 1 + என்று கொடுத்தால் அடுக்கு எந்நிலையிலும் இரண்டு அறைகளைத் தாண்டுவதில்லை. விடையும் 15 என்றே வருகிறது. கிளைகளை முடித்த பின்பே கணுவைத் தொடுவது என்னும் விதி இங்கும் மாறவில்லை. இரண்டு கிளைகளுள் எதை முந்திச் செய்வது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. கழித்தலிலும் வகுத்தலிலும் இவ்வாறு மாற்றும்போது உறுப்புகள் இடம் மாறி நிற்கும் என்பதால், மேலிருக்கும் இரண்டு எண்களை இடமாற்றும் பொத்தான் ஒன்றும் அக்கருவியில் வைக்கப்பட்டிருந்தது.

எந்தக் கிளையை முந்திச் செய்ய வேண்டும் என்பதற்கு விடை, அக்கருவி பிறப்பதற்கு முன்பே சோவியத் ஒன்றியத்தில் கிடைத்திருந்தது. கணக்குக் கோவைகளை நிரலாக மாற்றுவது பற்றி 1958 இல் ஆந்திரே எர்ஷோவ் வெளியிட்ட கட்டுரை, இடைவிடைகளைத் தேக்கும் அறைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியை ஆராய்ந்தது. 1970 இல் ரவி சேத்தியும் ஜெஃப்ரி உல்மனும் அதை முழுமையான நிறுவலோடு விரிவுபடுத்தினர். மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் எர்ஷோவின் எண் என்று வழங்கும் ஓர் எண் இடப்படுகிறது. இலைக்கு 1. உட்கணுவின் இரு கிளைகளின் எண்களும் வேறுபட்டால் பெரியது எதுவோ அதுவே கணுவின் எண். இரண்டும் சமமானால் அதைவிட ஒன்று கூடுதல். வேருக்குக் கிடைக்கும் எண்ணே அக்கோவையைக் கணிக்கத் தேவையான குறைந்தபட்ச அறைகளின் எண்ணிக்கை. பெரிய எண்ணுடைய கிளையை முதலில் முடித்தால் அதன் அறைகள் அனைத்தும் காலியாகி ஒரே ஒரு விடைக்கு மட்டும் இடம் பிடித்திருக்கும். மீதமுள்ள அறைகள் சிறிய கிளைக்குப் போதுமானவை. இரண்டு கிளைகளும் சம அளவில் அறைகளைக் கேட்கும்போது மட்டுமே முதல் விடையைத் தேக்க ஓர் அறை கூடுதலாக வேண்டியிருக்கிறது.

இவ்விதியைத் தொடக்கக் கோவைக்குப் பொருத்தினால், கழித்தற்கணுவுக்கு 2, வகுத்தற்கணுவுக்கு 2, கூட்டற்கணுவின் கிளைகள் 1, 2 என்பதால் அதற்கும் 2, சம எண்களுடைய இரு கிளைகளைப் பெற்ற வேருக்கு 3 என்று வருகிறது. வழக்கமான வரிசை நான்கு அறைகளை எடுத்துக்கொண்ட அக்கோவைக்கு மூன்றே போதும்: 6 என்னும் இலைக்கு முன் 4 ÷ 2 என்பதை முடித்தால் ஓர் அறை மிச்சமாகும்.

இவ்வாறு கிளை வரிசையை மாற்றும் உரிமை எல்லா மொழிகளிலும் ஒன்றுபோல் இல்லை. கிளைகளில் வெறும் எண்கள் மட்டும் இருந்தால் வரிசை மாறினாலும் மதிப்பு மாறாது. ஆனால் ஒரு கிளையில் உள்ள சார்பு மற்றொரு கிளை படிக்கும் மாறியைத் திருத்திவிடுமானால் வரிசைக்கு ஏற்ப விடை மாறிவிடும். இதனால் ஜாவா மொழி இடப்பக்கமே முதலில் கணிக்கப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. சி மொழி பெரும்பாலான செயற்குறிகளுக்கு வரிசையை விதிக்காமல் விட்டிருக்கிறது.

எர்ஷோவின் எண் ஒன்று கூடுவதற்கு இரண்டு சமக் கிளைகள் தேவை என்பதால், அது ஒன்று கூடும் ஒவ்வொரு முறையும் மரத்திற்குத் தேவையான இலைகளின் எண்ணிக்கை குறைந்தது இருமடங்காகிறது: இரண்டு அறைகளைக் கேட்கும் மரத்திற்கு 2 இலைகளாவது வேண்டும், மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆகவே பதினைந்து எண்கள் வரை கொண்ட எந்தக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் கோவையையும், கிளைகளை ஏற்ற வரிசையில் முடித்தால், எச்பி-35 கருவியின் நான்கு அறைகளுக்குள்ளேயே கணித்துவிடலாம். ஹாம்ப்ளினின் கருத்தைத் தழுவி இங்கிலாந்தில் உருவான இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கேடிஎஃப்9 கணினியின் அடுக்கில் நிரலுக்குக் கிடைத்தவை 16 அறைகள். அந்தப் பதினாறும் போதாமற்போவதற்கு ஒரே கோவையில் குறைந்தது 65,536 எண்கள் இருந்தாக வேண்டும்.