ஓடை தரும் ஒளி

இலங்கையின் சப்ரகமுவ மலைக்கிராமங்களில், 1990களிலிருந்து ஊரார் சங்கம் அமைத்துச் சிறு நீர்மின் நிலையங்களை நடத்திவந்தனர். அப்படியொரு திட்டத்தைச் சமூகம், சுற்றுச்சூழல், பொருளாதாரம் ஆகிய அளவுகோல்களால் எடைபோட வேண்டும்; அதன் மின்திறனை அறிய மட்டும் ஒரு கணக்குப் போதும். நொடிக்கு 20 லிட்டர் நீர் 60 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியே விழுந்தால், பாதி வீணானாலும் ஏறக்குறைய 6 கிலோவாட் கிடைக்கும். 30 வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 200 வாட்.

விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் அது தாராளம். ஆனால் மாலையில் ஒரு வீட்டில் இஸ்திரிப்பெட்டி சூடேறினாலே ஊர் விளக்கெல்லாம் மங்கும். ஆகவே சமூக அளவுகோல் என்பது, சங்கத்தின் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்பதே. வாய்க்கால் வெட்ட உழைத்த ஏழை வீட்டுக்கும் இணைப்பு கிடைத்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

சுற்றுச்சூழலில் கவனிக்க வேண்டிய இடம், தடுப்பணைக்கும் மின்னறைக்கும் இடைப்பட்ட ஓடை. கோடையில் முழு நீரையும் குழாய்க்குத் திருப்பினால் அந்தப் பகுதி வறண்டு மீன்கள் மடியும். மறுபுறம், மேலே காடு அழிந்தால் நீர்வரத்து குறையும் என்பதால், காட்டைக் காப்பதில் ஊருக்கே அக்கறை பிறக்கிறது.

பொருளாதாரத்தில்தான் பல திட்டங்கள் தடுமாறின. மாதச் சந்தா, பேரிங் மாற்றும் செலவுக்கேனும் சேர வேண்டும். அரசு மின்கம்பி ஊருக்குள் வந்ததும் வசதியுள்ளோர் முதலில் விலகினர், சந்தா குறைந்தது, நல்ல நிலையில் இருந்த டர்பைன்கள்கூட நின்றன. சில ஊர்கள் மட்டும் தங்கள் மின்சாரத்தை அரசுக் கட்டமைப்புக்கே விற்கத் தொடங்கின.