ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும்

பெயருக்கு முன்னே நிற்கும் முன்னெழுத்தைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

இராயபுரத்தில் நான் ஆசிரியனாய் இருந்த நாளில், துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகள் எங்கள் பள்ளியிற் சேர்ந்தாள். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்: தந்தை சுந்தரம், மகள் மதி. சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியவன் நானே. ‘சு’ என்றெழுதிப் புள்ளியை மெல்லத் தொட்டு, இடம் விடாமல் ‘மதி’ என்று சேர்த்துவிட்டேன். ஆண்டுகள் சென்றன, மை மங்கிற்று. மாற்றுச் சான்றிதழ் எழுதியவர் கண்ணுக்குப் புள்ளி தென்படவில்லை. ‘சுமதி’ என்று எழுதினார். பிறப்புச் சான்றிதழிலோ ‘மதி’ என்றே இருந்தது. கல்லூரியில், “நீ மதியா, சுமதியா?” என்று கேட்டார்கள். சேர்க்கை முடிவதற்கு முதல் நாள் அப்பெண் கண்ணீரோடு என் முன் வந்து நின்றாள்.

பதிவேட்டைப் புரட்டினோம். ஆங்கிலத்தில் ‘எஸ். மதி’ என்றிருந்தது. ஆகவே, பெயர் மதிதான் என்பது தெளிவாயிற்று. ஆனால், அந்த ஆங்கில எழுத்து தமிழில் சவாகலாம், சுவாகலாம், செவாகலாம். தமிழ் முன்னெழுத்து உயிரொலியையும் சேர்த்தே காட்டும். ஆங்கில எழுத்து காட்டாது. தந்தை பெயர்க் கட்டத்தில் ‘சுந்தரம்’ என்று கண்ட பிறகே ‘சு. மதி’ எனத் திருத்தம் எழுதிச் சான்றளிக்க முடிந்தது.

புள்ளிக்கு ஒரு வேலை, இடைவெளிக்கு ஒரு வேலை உண்டு. ‘இவ்வெழுத்து ஒரு பெயரின் சுருக்கம்’ என்று சொல்வது புள்ளி. ‘இனி வருவது வேறு சொல்’ என்று சொல்வது இடைவெளி. புள்ளி மங்கினாலும் இடைவெளி இருந்திருந்தால், என் மாணவி சுமதி ஆகியிருக்கமாட்டாள்.

வேண்டாத இடத்தில் இடைவெளி விட்டாலும் பொருள் மாறும். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்கென எழுந்த சென்னைத் தொழிற்சங்கத்தில் உழைத்த பெரியார் திரு.வி.க. அங்கே ‘திரு’ என்பது மரியாதைச் சொல் அன்று. திருவாரூர் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கம். ‘வி’ தந்தையார் விருத்தாசலம், ‘க’ கலியாணசுந்தரம். புள்ளியை நீக்கி, இடம் விட்டுத் ‘திரு வி.க.’ என்றெழுதினால், ஊர் மறைந்து மரியாதைச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். திருவொற்றியூரை முன்னெழுத்தாகக் கொள்வோர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

தமிழில் பெயரெழுதும்போது முன்னெழுத்தும் தமிழிலேயே இருத்தல் வேண்டுமென 2021இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. ஆகவே, படிவம் நிரப்பும்போது தந்தை அல்லது தாயின் பெயரை முழுமையாய் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதன் முதலெழுத்தை எடுத்து, புள்ளி வைத்து, ஓரெழுத்து இடம் விட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும், அந்தப் புள்ளியும் இடைவெளியும் அதில் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். பதிவேடு உள்ள இடத்தில் திருத்துவது எளிது.