வார்த்தையை மாத்தினா போதுமா?

மாப்பிள்ளையூரணியில இருந்து முதலாமாண்டு படிக்கிற ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "தூத்துக்குடி முத்துக்குளிப்பு பத்தி கட்டுரை எழுதணும். புத்தகத்துல இருக்கிறதை என் வார்த்தையில மாத்திட்டேன். அதுவும் காப்பியா?"

மாத்தின விதத்தைப் பொறுத்தது. ஒரு உதாரணம் பார்ப்போம், வாக்கியம் நானே எழுதினது. புத்தகத்துல இப்படி இருக்குன்னு வைங்க: "முத்துச்சிப்பிகள் மணலில் வளர்வதில்லை, கடலடியில் உள்ள கடினமான பாறைத் திட்டுகளில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. இவற்றை மீனவர்கள் பார் என்பர்."

நீங்க இப்படி மாத்துறீங்க: "முத்துச்சிப்பிகள் மணற்பரப்பில் வாழ்வதில்லை, கடலின் அடியில் காணப்படும் உறுதியான பாறைத் திட்டுகளில் பற்றிக்கொண்டு வளர்கின்றன." எலும்புக்கூடு அப்படியே இருக்கு, சட்டையை மட்டும்தான் மாத்தியிருக்கீங்க. அடியில ஆசிரியர் பேரைப் போட்டாலும் இது சரியாகாது. ஏன்னா வாக்கியத்தைக் கட்டினது நீங்கதான்னு படிக்கிறவர் நினைச்சிடுவார்.

சரியான வழி என்னன்னா, படிச்சிட்டு புத்தகத்தை மூடிடுங்க. 'இந்தத் தகவல் என் கட்டுரைக்கு எதுக்கு?'ன்னு கேளுங்க. அதுக்கான பதிலை எழுதுங்க: "முத்துக்குளிப்பு எல்லா இடத்திலும் நடக்கவில்லை. சிப்பி பற்றிக்கொள்ளப் 'பார்' எனும் பாறைத் திட்டு தேவை என்பதால், குளிப்பவர்கள் அவற்றைத் தேடியே சென்றனர்." பிறகு புத்தகத்தைத் திறந்து, தகவல் சரியான்னு ஒப்பிட்டுப் பாருங்க. முடிவுல அடைப்புக்குள்ள ஆசிரியர் பேர், ஆண்டு, பக்கம் போடுங்க. வார்த்தை உங்களோடது, ஆனா தகவல் அவரோடது. அதனால மேற்கோள் கட்டாயம். ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழ்ல மொழிபெயர்த்து எழுதினாலும் இதே விதிதான். தூத்துக்குடியை முத்துநகர்னு சொல்றது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்கு மேற்கோள் வேண்டாம்.

இந்தத் தலைப்புல இன்னொரு சிக்கலும் இருக்கு. ஜேம்ஸ் ஹார்னெல் 1905-ல மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பத்தி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். எஸ். அருணாசலம் தமிழகக் கடற்கரை முத்துக்குளிப்பு வரலாற்றை எழுத, 1952-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. நீங்க படிச்சது அருணாசலத்தை மட்டும்தான், அதுல ஹார்னெல் சொன்ன ஒரு செய்தி இருக்குன்னா, வெறும் 'ஹார்னெல், 1905'னு போடாதீங்க. படிக்காததைப் படிச்சதா காட்டுற மாதிரி ஆகிடும். 'ஹார்னெல், 1905, எடுத்தாளப்பட்டது: அருணாசலம், 1952'ன்னு பக்க எண்ணோட எழுதுங்க. ஏபிஏ முறைன்னா கடைசிப் பட்டியல்ல அருணாசலம் மட்டும் வந்தா போதும்.

"பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா பிரச்சினையில்ல"ன்னு சிலர் சொல்வாங்க. யுஜிசியோட 2018 விதிமுறையில பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தா தண்டனை இல்லைன்னு இருக்கறது உண்மைதான். ஆனா மென்பொருள் எண்ணுறது ஒத்துப்போற வார்த்தைகளை. அடுத்தவர் கருத்தை முழுசா வேற வார்த்தையில எழுதி பேரை விட்டுட்டா, எண் பூஜ்யம் காட்டலாம். அப்பவும் அது திருட்டுதான்.

அதனால குறிப்பு எடுக்கும்போதே, புத்தக வரியை அப்படியே எழுதினா மேற்கோள் குறி போடுங்க, பக்கத்திலேயே பக்க எண்ணும் எழுதுங்க. பத்து நாள் கழிச்சு எது யாரோட வரின்னு நோட்டைப் பார்த்துத் திணற வேண்டியிருக்காது.