நவம்பர் தீபாவளிக்கு ஏப்ரல் கூட்டம்



விற்பனை, உற்பத்தி, நிதி ஆகிய மூன்று துறைகளும் மாதந்தோறும் ஒரே எண்களுக்கு உடன்படும் கூட்டமே இன்றைய நம் பொருள். 1980களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் லிங் போன்றோர் இம்முறைக்கு வடிவம் தந்தார்கள். அதை நம் ஊர்ச் சரக்கான முறுக்கு மாவை வைத்தே விளக்க விரும்புகிறேன்.

2025இல் தீபாவளி அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. இடையில் 19 நாள் நகர்வு. பண்டிகைக்கு நாலைந்து வாரம் முன்பே மளிகைக் கடைகள் சரக்கு நிரப்புகின்றன. ஆகவே சென்ற ஆண்டு செப்டம்பரில் ஏறிய விற்பனை இவ்வாண்டு அக்டோபரில்தான் ஏறும். போன ஆண்டின் அதே மாதத்தைப் பார்த்துக் கணிக்கும் மென்பொருளுக்கு இது தெரியாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைக்காரரோடு பேசும் விற்பனையாளருக்குத் தெரியும். மாதச் சுழற்சியின் முதல் படியான தேவைக் கூட்டம், அவர் அறிந்ததைக் கணிப்பில் ஏற்றுவதற்காகவே இருக்கிறது.

கிள்ளானில் முறுக்கு மாவு அரைத்துப் பொட்டலமிடும் ஆலை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் தேவை மாதம் 40 டன். செப்டம்பரில் 55, அக்டோபரில் 80. ஆலையால் மாதம் 50 டன் அரைக்க முடியும். ஓவர்டைம் கொடுத்தால் 60. ஆகஸ்ட் வரை தேவைக்கு மட்டும் அரைத்துவிட்டுப் பிறகு இரண்டு மாதமும் ஓவர்டைம் ஓட்டினாலும், அக்டோபரில் 15 டன் குறையும். இதைக் கண்டுபிடிப்பது இரண்டாம் படியான வழங்கல் கூட்டம்.

அங்கேயே விடையும் பிறக்கிறது. ஜூலையிலிருந்தே முழுத் திறனில் அரைத்தால் ஆகஸ்ட் முடிவில் 20 டன் இருப்பு சேரும். செப்டம்பரில் 5 டன்னும் அக்டோபரில் 10 டன்னும் ஓவர்டைமில் அரைத்தால், தேவை முழுவதும் நிறைவேறி இருப்பும் சரியாகத் தீரும். பழையதை முதலில் அனுப்பினால் எந்தப் பொட்டலமும் ஒரு மாதத்துக்கு மேல் கிடங்கில் தங்காது. ஆனால் கூடுதல் உளுந்து ஜூலைத் தொடக்கத்தில் கையில் இருக்க வேண்டும். ஆர்டர் கொடுத்த பின் கிள்ளான் துறைமுகம் வழியாக வந்து சேர எட்டு வாரம் ஆகுமென்றால், முடிவு ஏப்ரல் இறுதிக் கூட்டத்திலேயே எடுக்கப்பட வேண்டும். கூட்டம் நடப்பு மாதத்தின் அவசரங்களில் மூழ்கினால் நழுவிப்போவது இந்த ஏப்ரல் முடிவுதான்.

மூன்றாம் படியில் டன் ரிங்கிட்டாக மாறுகிறது. கிலோவுக்கு அடக்கவிலை 6 ரிங்கிட் என்றால், ஆகஸ்ட் இறுதி இருப்பில் மட்டும் 120,000 ரிங்கிட் முடங்குகிறது. கடைகள் 60 நாள் கடனில் வாங்கினால் அக்டோபர் விற்பனையின் பணம் டிசம்பரில்தான் வரும். உளுந்துக்கான பணமோ முன்பே போய்விடுகிறது. வங்கிக் கடன் வரம்பு இதைத் தாங்குமா என்று நிதித்துறை சொல்ல வேண்டும். தாங்காது என்றால் செப்டம்பர் இறுதி வரை இருப்பைப் பாதியாகவே வைத்து, 10 டன் விற்பனையை விட்டுக்கொடுக்கலாம். எந்தக் கடைக்குக் குறைத்துக் கொடுப்பது என்பதையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். இரண்டு வழிகளையும் ஒரே தாளில் எழுதித் தலைமை நிர்வாகியின் முன் வைப்பதே இறுதிக் கூட்டம். அங்கே ஒன்றைத் தேர்வதுதான் வேலை. எண்களைப் பற்றி வாதாடுவது அல்ல.

கூட்டம் தடம் புரண்டதை இரண்டு அடையாளங்கள் காட்டும். முதலாவது, கணிப்பு தொடர்ந்து ஒரே பக்கம் தவறுவது. ஒரு மாதம் கூடியும் மறுமாதம் குறைந்தும் தவறினால் அது சந்தையின் இயல்பு. நாலைந்து மாதம் தொடர்ந்து விற்பனையைவிடக் கணிப்பு உயர்ந்தே இருந்தால், பற்றாக்குறைக்கு அஞ்சிய யாரோ எண்ணை ஏற்றிச் சொல்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது, ஒப்புக்கொண்ட டன்னை விலையால் பெருக்கிவரும் தொகையும் நிதித்துறை வங்கிக்குக் காட்டும் வருவாய்க் கணிப்பும் வேறுபடுவது. அப்படியானால் அந்த நிறுவனத்தில் இரண்டு திட்டங்கள் ஓடுகின்றன. கூட்டம் வெறும் சடங்காகிவிட்டது.

நான் பங்கேற்ற கூட்டங்களில் பெரும்பாலான சச்சரவுகள் எண்ணைப் பற்றியவையாகவே தொடங்கின. அந்த எண்ணை எந்த எடுகோளின்மேல் சொன்னோம் என்பதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. “அக்டோபருக்கு 80 டன்” என்பதோடு, “தீபாவளி நவம்பர் 8, விலையில் மாற்றமில்லை, புதிய பேரங்காடி எதுவும் சேரவில்லை” என்றும் எழுதியிருந்தால், கணிப்பு தவறும்போது ஆளைக் குறைகூறாமல் எடுகோளைத் திருத்த முடியும்.

எனவே இங்கே கட்டுரை படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் காட்டும் ஒவ்வொரு கணிப்புக்கும் கீழே அதன் எடுகோளையும் சொல்லுங்கள். அந்த வேண்டுகோளோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.